எலிப்சிஸ்: தொகையா, விடுபாடா?

கிரேக்க மொழியில் ‘எல்லெய்ப்சிஸ்’ என்றால் குறைபடுதல், விட்டுப்போதல். வாக்கியத்தில் ஒரு பகுதியைச் சொல்லாமலே கேட்பவருக்குப் பொருள் புரிந்துவிடும் இடங்களை மொழியியலார் எலிப்சிஸ் என்கிறார்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பதே இங்கே கேள்வி. கேள்விச் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு கேள்வியின் மற்ற பகுதியைச் சொல்லாமல் விடுவது அதன் ஒரு வகை, ஸ்லூசிங். மொழியியலாளர் ஜான் ராபர்ட் ராஸ் 1969இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயரை வைத்தார். ஆங்கில அகராதியில் ‘ஸ்லூஸ்’ என்பதைப் பார்த்து ‘மதகு’ என்று மொழிபெயர்த்தால் ஏரிக்கரைக்குத்தான் போய்ச் சேருவோம்.

தமிழிலேயே பார்க்கலாம்.

“குமார் யாருக்கோ பணம் கொடுத்தான். யாருக்கு என்று தெரியவில்லை.”

இரண்டாம் வாக்கியத்தில் ‘கொடுத்தான்’ இல்லை. ஆனாலும் அங்கே ‘யாரை என்று தெரியவில்லை’ என்று யாரும் சொல்லமாட்டோம். முதல் வாக்கியத்தை “குமார் யாரையோ திட்டினான்” என்று மாற்றினால் உடனே ‘யாரை’ வந்துவிடும். வேற்றுமை உருபைத் தீர்மானிப்பது வினை. வினை காதில் விழவில்லை, அதன் ஆணை மட்டும் நடக்கிறது. ராஸ் ஜெர்மனில் காட்டியதும் இதையே. முகஸ்துதி செய்வதைக் குறிக்கும் ‘ஷ்மைக்கெல்ன்’ நான்காம் வேற்றுமையைக் கேட்கும், புகழ்வதைக் குறிக்கும் ‘லோபன்’ இரண்டாம் வேற்றுமையைக் கேட்கும். வினை மறைந்த பிறகும் வினாச்சொல் அந்தந்த வேற்றுமையிலேயே நிற்கிறது. சொல்லப்படாத வாக்கியம் இலக்கண அமைப்போடு உள்ளே இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று.

உள்ளே இருப்பது எந்த வாக்கியம் என்பதை மட்டும் தமிழ் உருபு காட்டிக்கொடுப்பதில்லை. ‘யாருக்குக் கொடுத்தான்’ என்று விரிக்கலாம், ‘கொடுத்தது யாருக்கு’ என்றும் விரிக்கலாம். இரண்டிலும் ‘கு’ உண்டு.

எலிப்சிஸின் இன்னொரு வகையான கேப்பிங் என்பது இணைந்த வாக்கியங்களில் ஒன்றில் வினை இல்லாமல் போவது. “கமலா தோசையும் விமலா இட்லியும் சாப்பிட்டார்கள்” அதுபோலத் தோன்றுகிறது. இங்கே ‘கமலா தோசை’க்குப் பின் ஒரு வினை ஒளிந்திருக்கிறது என்றால் அது ‘சாப்பிட்டாள்’ என்றுதானே இருக்க வேண்டும்? வாக்கியக் கடைசியிலோ பன்மை விகுதி. கமலா ஒருத்திக்கு ‘சாப்பிட்டார்கள்’ பொருந்தாது (மரியாதைப் பன்மையை விட்டுவிடுவோம்). ஒரே வினையை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி தமிழ்ச் சொல். ‘எச்சம்’ நெருங்கி வரும். தொல்காப்பியத்தில் எச்சவியல் என்றே ஓர் இயல் உண்டு. ஆனால் இன்றைய வாசகருக்கு அது உடனே பெயரெச்சத்தையும் வினையெச்சத்தையும் நினைவூட்டும். நான் ‘தொகை’யை எடுத்துக்கொள்வேன். ‘தேர்ப்பாகன்’ என்பதைத் ‘தேரை ஓட்டும் பாகன்’ என்று விரித்து, உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பள்ளியில் படித்தோம். ‘ஐ’ உருபும் ‘ஓட்டும்’ என்பதும் தொக்கி நிற்கின்றன, அதாவது மறைந்து நிற்கின்றன. ‘விடுபாடு’ என்றால் அந்த இடம் காலி என்றாகிவிடும். எனவே ஸ்லூசிங்கை ‘வினாத்தொகை’ என்பேன். கமலா, விமலா வாக்கியத்துக்குத் தொகை என்ற பெயர் ஒட்டாது, ‘வினைப் பகிர்வு’ போதும்.