தொன்மம், பழமரபுக்கதை, வரலாறு: சொல் விளக்கம்

"அது வெறும் மித்" என்று யாராவது சொன்னால், "அது பொய்" என்றுதான் நமக்குக் காதில் விழுகிறது. உடல்நலப் பக்கங்களில் வரும் "கட்டுக்கதையா, உண்மையா?" பட்டியல்கள் இந்தப் பொருளை நன்றாகவே பதித்துவிட்டன. சமயக் கதைகளை ஆராய்கிறவர்கள் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் ஆள்வதில்லை. சிறு கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.

'மித்' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் கிரேக்க 'மூதோஸ்'. அதற்குப் பேச்சு, சொல்லப்பட்டது என்றுதான் பழைய பொருள். ஹோமரின் காவியங்களில் வீரர்கள் சபையில் பேசும் பேச்சே மூதோஸ்தான். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் போர் வரலாறு எழுதிய துசிடிடீஸ், தன் நூலில் மூதோஸ் வாடை இல்லாததால் கேட்பதற்குச் சுவை குறையலாம் என்கிறார். அதற்குள் அந்தச் சொல்லுக்குச் சந்தேக நிழல் விழுந்துவிட்டது. வரலாற்றைக் குறிக்கும் 'ஹிஸ்டரி'யின் வேரான 'ஹிஸ்டோரியா' என்பதற்கு விசாரணை, கேட்டறிதல் என்று பொருள். ஆக, ஒன்று சொன்னது, மற்றது விசாரித்தது. மூன்றாவதான 'லெஜண்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'லெகெண்டா' என்றால் வாசிக்கப்பட வேண்டியவை. ஒரு புனிதரின் திருநாளில் அவருடைய வாழ்க்கையை எடுத்து வாசிப்பார்கள், நம்மூரில் நாயன்மார் குருபூசையன்று அவர் கதையைப் படிப்பதைப் போல. அந்த வாசிப்புக்கான ஏட்டின் பெயர்தான் பிற்பாடு கதைவகையின் பெயரானது.

தமிழில் மித்துக்குத் 'தொன்மம்' நிலைத்துவிட்டது. தொல்காப்பியத்தின் செய்யுளியலில் எட்டு வனப்புகளில் ஒன்றாகத் 'தொன்மை' வருகிறது: "உரையொடு புணர்ந்த பழமை மேற்றே". பழைய செய்தியை உரைநடையோடு சேர்த்துச் சொல்லும் நூல்வகை அது. தொன்மம் என்ற இன்றைய கலைச்சொல் அந்தச் சொல்லின் நிழலில் வளர்ந்ததுதான் என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. லெஜண்டுக்கு நாட்டார் வழக்காற்றியல்காரர்கள் 'பழமரபுக்கதை' என்கிறார்கள். சொல் கொஞ்சம் நீளம்தான். 'ஐதிகம்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். 'இப்படியாம்' என்று வழிவழியாகச் சொல்லப்படுவது என்ற அதன் வேர்ப்பொருள் அழகாகவே பொருந்துகிறது. ஆனால் இன்றைய பேச்சில் அது நம்பிக்கையைக் குறிக்கப் போய்விட்டது ("இங்கே வேண்டிக்கொண்டால் திருமணம் நடக்கும் என்பது ஐதீகம்"). அதனால் கட்டுரையில் பழமரபுக்கதை என்றே எழுதுவது பாதுகாப்பு.

நூலின் பெயரை வைத்து வகையை முடிவு செய்யக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'இதிகாசம்' என்ற சொல் இந்தியில் பாடப்புத்தக வரலாற்றைக் குறிக்கிறது, தமிழில் ராமாயண, மகாபாரதங்களை. கோயிலில் கிடைக்கும் 'தலவரலாறு' புத்தகத்தில் பெரும்பாலும் இருப்பது தொன்மமும் பழமரபுக்கதையும்தான். பெரியபுராணம் என்ற பெயரில் 'புராணம்' இருக்கிறது. உள்ளே தொன்மம், பழமரபுக்கதை, வரலாறு மூன்றும் இருக்கின்றன.

பிரிப்பதற்கான அளவுகோலை எளிமையாக வகுத்துக் கொடுத்தவர் அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் வில்லியம் பாஸ்கம். 1965இல் வெளியான கட்டுரையில், கதை உண்மையா என்று ஆராய்வதை விட்டுவிட்டு, சொல்லும் சமூகம் அதை எப்படி வைத்திருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். நடந்ததாக நம்புகிறார்களா? எந்தக் காலத்தில் நடந்ததாக? நாம் வாழும் இந்த உலகிலா, இதற்கு முந்தைய அல்லது வேறோர் உலகிலா? முக்கியப் பாத்திரங்கள் மனிதர்களா, மனிதர் அல்லாதவர்களா? மிகப் பழங்காலத்தில், வேறோர் உலகில், பெரும்பாலும் தெய்வங்களுக்கிடையே நடந்ததாக நம்பப்படும் புனிதக் கதை தொன்மம். அண்மைக் காலத்தில், நம் ஊர் போன்ற ஊரில், மனிதர்களுக்கு நடந்ததாக நம்பப்படுவது பழமரபுக்கதை. நடந்ததென்று யாருமே நம்பாமல் சொல்லி மகிழ்வது நாட்டார் கதை. இந்தப் பிரிப்பில் வரலாறு ஒரு கதைவகையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரலாறு என்பது கதைக்கு வெளியே நின்று, வேறு சான்றோடு ஒப்பிட்டுச் செய்யும் சோதனை.

சரி, பெரியபுராணத்தையே எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடியது. தொடக்கம் கயிலையில். சிவனுக்குப் பணிசெய்யும் ஆலாலசுந்தரர், அங்கே பூப்பறிக்க வந்த இரு பெண்கள்மேல் மனம் வைக்கிறார். அதனால் மண்ணில் சுந்தரராகப் பிறக்கிறார். வேறோர் உலகம், பிறப்புக்கு முந்தைய காலம், எல்லாருமே தெய்வ நிலையினர். இது தொன்மம். இதற்குக் கல்வெட்டுச் சான்று தேடுவது வீண் வேலை. இந்தக் கதை நூலில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் பதில் உண்டு: சுந்தரரின் இரண்டு திருமணங்களுக்கும் மண்ணில் தேட முடியாத ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறது.

அடுத்து, திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் இடத்தில் மனுநீதிச் சோழன் வருகிறான். இளவரசன் தேரில் கன்று அடிபட்டு இறக்கிறது, தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது, அரசன் மகன்மேல் தேரைச் செலுத்துகிறான். ஊர் தெரிந்த ஊர், ஆட்கள் மனிதர்கள். பாஸ்கத்தின் அளவுகோலில் இது பழமரபுக்கதை. முடிவில் சிவன் தோன்றுகிறாரே, அப்படியானால் தொன்மம் அல்லவா என்று கேட்பார்கள். தெய்வம் தலைகாட்டுவதால் மட்டும் வகை மாறாது. கதை யாருக்கு, எங்கே நடக்கிறது என்பதே பெரிது.

இந்தக் கதை வரலாறாகுமா என்று சோதிக்க, இது வேறெங்கெல்லாம் வருகிறது என்று தேட வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊரைச் சொல்லும்போது, பசுவின் கண்ணீர் நெஞ்சைச் சுடத் "தன் அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்" என்று ஓர் அரசனைக் குறிப்பிடுகிறாள். அவள் ஊர் புகார், ஆரூர் அல்ல. அரசனுக்குப் பெயரும் இல்லை. இலங்கையின் மகாவம்சமோ இதையே எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கிறது. சோழ நாட்டிலிருந்து போய் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டதாக அது கூறும் அரசன் அவன். படுக்கையின் தலைமாட்டில் மணி, திசவாவி ஏரிக்குத் தேரில் போகும் மகன், தாயோடு படுத்திருந்த கன்று, அதே சக்கரத்தால் மகனுக்குத் தண்டனை. அதைவிடப் பழைய தீபவம்சம் எல்லாளனின் நீதியைப் புகழ்ந்து, அரசன் தீர்த்த மூன்று வழக்குகள் என்று ஒரு வரியோடு போய்விடுகிறது. அப்புறம் திருவாரூரிலேயே விக்கிரம சோழன் காலக் கல்வெட்டு ஒன்று இந்தக் கதையைச் சொல்கிறது. அதில் அரசன் சூரியனின் மகனான மனு. ஊர்க்கதையின் அரசனைச் சூரிய குலத்துத் தொன்மத்தோடு முடிச்சுப் போட்டாயிற்று.

முடிவுகளை அருகருகே வைத்தால் இன்னும் தெளிவாகும். மகாவம்சத்தில் செத்த கன்றும் செத்த மகனும் செத்தவர்களே. சேக்கிழாரிடம் கன்று, இளவரசன், கட்டளையை நிறைவேற்ற மனமின்றி உயிர்விட்ட அமைச்சர் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். ஒரே நிகழ்ச்சி இப்படி ஊரும் பேரும் முடிவும் மாறித் திரியும்போது, எந்த அரசனுக்கு இது உண்மையில் நடந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. எல்லாளன் ஒருவன் ஆண்டதை ஏற்கலாம், மணிக்கதையை அவன் வாழ்க்கைச் செய்தியாக எடுக்க முடியாது. நீதியான அரசனுக்கு இப்படி ஒரு கதை உண்டு என்பதே கதையின் இயல்பு.

மூன்றாவது, நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர். இவரிடம்தான் எச்சரிக்கை அதிகம் தேவை, ஏனென்றால் ஒரே ஆளிடம் வரலாறும் பழமரபுக்கதையும் கலந்திருக்கின்றன. படைத்தலைவராக இருந்தபோது மன்னருக்காகப் படையெடுத்துப் போய் "வடபுலத்து வாதாவித் தொன்னகரம் துகளாக" வென்று வந்தார் என்கிறார் சேக்கிழார். மன்னன் பெயரைச் சொல்லவில்லை. பல்லவன் நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தது வேறு வழியில் உறுதியானது. வாதாபியிலேயே, அதாவது இன்றைய பாதாமியில், அவனுடைய சிதைந்த பாறைக் கல்வெட்டு இருக்கிறது, பல்லவச் செப்பேடுகளும் வெற்றியைச் சொல்கின்றன. சிறுத்தொண்டர் என்பவர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததற்கும் சான்று உண்டு. செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் அவரைப் பெயர் சொல்லியே பாடுகிறார்.

இதுவரை நன்றாகப் போகிறது. ஆனால் போர் உண்மை, ஆள் உண்மை என்பதால் அந்த ஆள் அந்தப் போரை நடத்தினார் என்பதும் தானாக உண்மையாகிவிடாது. இரண்டையும் இணைப்பது சேக்கிழாரின் பாட்டு, போருக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகள் பிந்தியது. நடந்திருக்கக்கூடியது, மறுக்கக் காரணம் இல்லை, அவ்வளவுதான். இடம் நிஜம் என்பதால் கதையும் நிஜம் என்று தாவுவது கட்டுரைகளில் நான் அடிக்கடி பார்க்கும் பிழை. அதற்கு நேர் எதிரானதும் உண்டு: அற்புதம் வருகிறது என்பதற்காக மொத்தத்தையும் கற்பனை என்று தள்ளிவிடுவது.

பிள்ளைக்கறிக்கு வருவோம். பைரவர் வேடத்தில் வந்த சிவன் ஐந்து வயதுப் பிள்ளையின் கறி கேட்கிறார். தாய் பிடிக்கத் தந்தை அரிகிறார், கடைசியில் சீராளன் உயிரோடு ஓடி வருகிறான். சம்பந்தர் சிறுத்தொண்டரைப் பாடும்போது இது வரவில்லை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் "செங்காட்டங்குடி மேய சிறுத்தொண்டற்கு அடியேன்" என்பதோடு சரி. சேக்கிழார் புனைந்தது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் சிறுத்தொண்ட நம்பி, திருவெண்காட்டு நங்கை, சீராளதேவர் ஆகியோரின் செப்புத் திருமேனிகள் செய்தளித்த செய்தி இருக்கிறது. தாய், தந்தை, பிள்ளை மூவரும் ஒரே வரிசையில். சேக்கிழாருக்கு நூறாண்டுக்கு மேல் முன்னதாகவே சீராளனுக்கு வழிபாட்டில் இடம் இருந்தது என்று இதிலிருந்து சொல்லலாம். சம்பந்தர் சொல்லாததை வைத்து அவர் காலத்தில் கதையே இல்லை என்று சொல்ல முடியாது. பதிகத்தில் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லையே.

ஆகவே "சிறுத்தொண்டர் மகனைக் கறி சமைத்தார்" என்றும் எழுத வேண்டாம், "இது வெறும் கட்டுக்கதை" என்றும் எழுத வேண்டாம். "சிறுத்தொண்டர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், அவர் மகன் சீராளன் 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே தஞ்சையில் வழிபடப்பட்டான், பிள்ளைக்கறிப் பழமரபுக்கதையைச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் விரிவாகப் பாடுகிறார், செங்காட்டங்குடியில் இன்றும் சித்திரைப் பரணியில் அமுதுபடையல் விழாவாக அது நடக்கிறது" என்று எழுதினால் ஒவ்வொரு செய்தியும் தன் காலத்தோடு நிற்கும். படிக்கிறவர் பக்தரானாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எந்த வரிக்கு எது சான்று என்று கேட்டால் காட்டிவிடலாம்.