தகாத ஆசைகாட்டல்: தொகையைப் பற்றிய சொல் அல்ல

மருத்துவ ஆய்வுகளின் ஒப்புதல் படிவங்களில், முறையற்ற பரிசைக் காட்டி ஒருவரிடம் சம்மதம் வாங்குவதைக் குறித்து 'அன்டியூ இன்ட்யூஸ்மென்ட்' என்று வரும் இடத்தைச் சிலர் 'வற்புறுத்தல்' என்று தமிழாக்குகிறார்கள். சிலர் 'அதிகப்படியான ஊக்கத்தொகை' என்கிறார்கள். இரண்டுமே தப்பு. இரண்டாவது தப்பு ஆளின் வயிற்றிலும் அடிக்கிறது.

வேரைப் பார்த்தால், 'இன்ட்யூஸ்' என்பது லத்தீனில் ஒருவரை உள்ளே இட்டுச் செல்வது. 'டியூ' என்றால் உரியது. 'அன்டியூ' என்றால் உரியதல்லாதது, தகாதது. எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை.

'வற்புறுத்தல்' விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு நெறி வகுத்த அமெரிக்காவின் 1979 பெல்மான்ட் அறிக்கை இதைத் தெளிவாகவே பிரித்துவிட்டது. மிரட்டிச் சம்மதம் வாங்குவது ஒன்று, முறையற்ற பரிசைக் காட்டிச் சம்மதம் வாங்குவது வேறு. "கையெழுத்துப் போடாவிட்டால் இங்கே வைத்தியம் கிடையாது" என்பது வற்புறுத்தல். பணம் தருகிறேன் என்பது எந்தக் கணக்கிலும் மிரட்டல் ஆகாது.

'அதிகப்படியான' என்பதுதான் வம்பு. அதைச் சொல்பவர்களுக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளுக்கு நெறி வகுக்கும் சர்வதேச அமைப்பான சியாம்ஸின் 2016 நெறிமுறைகளில் பதின்மூன்றாவது, தன் நல்ல புத்திக்கு எதிராக ஒருவர் சம்மதிக்கும் அளவுக்குத் தொகை பெரிதாக இருக்கக்கூடாது என்கிறது. 'பெரிதாக' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் சரி, அதிகப்படிதான். ஆனால் அங்கே அளவுகோல் தொகை அல்ல, 'நல்ல புத்திக்கு எதிராக' என்பதுதான். வேண்டாம் என்று தனக்கே தெரிந்த ஒன்றுக்கு, பணத்துக்காக மட்டும் தலையாட்ட வைத்தால் அது தகாதது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். புதிதாக வரும் மாத்திரை, ஏற்கெனவே விற்கும் மாத்திரையைப் போலவே ரத்தத்தில் சேருகிறதா என்று ஆரோக்கியமானவர்களை வைத்துச் சோதிக்கிறார்கள். இரண்டு முறை ஆய்வுக்கூடத்தில் தங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் ரத்தம் எடுப்பார்கள். நடுவில் முதல் மருந்து உடம்பை விட்டுப் போகச் சில நாள் இடைவெளி. மொத்தத் தொகை 9,000 ரூபாய் என்று வையுங்கள். கடைசி ரத்தம் கொடுத்த பிறகுதான் பணம் என்றால், முதல் தங்கலில் வாந்தி எடுத்த கட்டடத் தொழிலாளி வாயைத் திறக்கமாட்டார். சொன்னால் நீக்கிவிடுவார்கள், ஒரு பைசா கிடைக்காது. அதே 9,000 ரூபாயை முதல் தங்கலுக்கு 4,000, இரண்டாவதற்கு 4,000, கடைசிப் பரிசோதனைக்கு 1,000 என்று பிரித்து, விலகினாலும் அதுவரைக்கானது கைக்கு வரும் என்று சொன்னால் அவர் உள்ளதைச் சொல்வார். தொகை ஒன்றுதான். முன்னது தகாதது, பின்னது தகும். இந்த வித்தியாசத்தை 'அதிகப்படி' எப்படிச் சொல்லும்?

அது செய்யும் கெடுதலும் இங்கேதான் இருக்கிறது. 'அதிகப்படி' என்று எழுதிவிட்டால், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆய்வுக்கு அனுமதி தருபவர் உடனே தொகையை வெட்டுகிறார். ஏழைகளாயிற்றே, 3,000 கொடுத்தாலே மயங்கிவிடுவார்கள் என்று ஒரு கரிசனம் வேறு. ஆபத்து அப்படியே இருக்கிறது, கூலி மட்டும் குறைகிறது. குறைந்த கூலிக்கும் வருகிறவர் யார்? வேறு வழியே இல்லாதவர். யாரைக் காப்பாற்றப் போனார்களோ அவரே மலிவாகக் கிடைக்கிறார். பணம் கூடினால் ஏழைகளுக்கு ஆபத்து கண்ணில் படாமல் போகும் என்பதும் பாதி அனுமானம்தான். அமெரிக்க ஆய்வாளர் ஹால்பெர்னின் குழு 2004-இல் கற்பனையான மருந்துச் சோதனைகளைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தது. தொகை ஏறியபோது விருப்பம் கூடியது. ஆனால் ஆபத்தை எடைபோடுவது ஏழைகளிடமும் மழுங்கவில்லை.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. தொகைக்காகப் பொய் சொல்லத் தொடங்கினால் ஆசைகாட்டல் வேலை செய்கிறது என்று அர்த்தம். போன வாரம் இன்னோர் ஆய்வுக்கூடத்தில் மாத்திரை தின்றவர் அதை மறைத்துவிட்டு இங்கே வருவார். முழங்கை மடிப்பில் புது ஊசித் தழும்புகள் இருக்கும், நோய் வரலாறு கேட்டால் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வரும். இப்படி மறைப்பதால் அவருக்கும் ஆபத்து, ஆய்வும் கெடும்.

ஆகவே 'தகாத ஆசைகாட்டல்' என்பதே என் தேர்வு. 'ஆசை காட்டி மோசம் செய்தான்' என்று ஊரில் பேசுகிறோமே, கையெழுத்துப் போடுகிறவருக்கும் அது புரியும். 'முறையற்ற தூண்டுதல்' பிழையில்லை. ஆனால் தூண்டுதல் திட்டியும் நடக்கும், பாராட்டியும் நடக்கும். ஆசை என்றால்தான் எதிரே ஒரு பரிசு இருப்பது தெரிகிறது.

இதே படிவங்களில் இன்னோர் அநியாயம்: செலவழித்த நேரத்துக்கும் பட்ட சிரமத்துக்கும் தரும் பணத்தை 'நஷ்டஈடு' என்கிறார்கள். நம் நாட்டில் 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனையால் காயமோ மரணமோ நேர்ந்தால் தனியாக நஷ்டஈடு உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், 4,000 ரூபாயை வாங்கியவர் எல்லாம் தீர்ந்தது என்று நினைத்து, பிற்பாடு உடம்புக்கு வந்தாலும் கேட்காமலே இருந்துவிடுவார். பேருந்துக் கட்டணத்துக்குச் 'செலவுத் தொகை', நேரத்துக்கும் சிரமத்துக்கும் 'நேரப்படி', காயத்துக்கு மட்டும் 'நஷ்டஈடு' என்று மூன்று வரியாகப் பிரித்து எழுத மொழிபெயர்ப்பாளருக்கு என்ன சிரமம் என்று எனக்குத் தெரியவில்லை.