ஒரே தண்ணீரில் ஒரு போகம்

பண்டைய எகிப்தின் வயல்களில் மழையை நம்பி யாரும் விதைத்ததில்லை. வடக்கே கடலோரத்தில் கொஞ்சம் பெய்யும். தெற்கே ஆஸ்வான் பக்கம் தூறல்கூட இல்லாமல் பல வருடங்கள் போகும். பெரும்பாலான வயல்களுக்கு நடுவில் இறைத்துப் பாய்ச்சும் வழக்கமும் இல்லை. அப்படியிருந்தும் அங்கே எம்மர் கோதுமையும் பார்லியும் விளைந்து, வரி கட்டி, மிச்சமும் இருந்தது. வயலுக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஒரே ஒரு தண்ணீர், நைல் நதியின் வெள்ளம். அந்த ஒரு தண்ணீரை ஐந்து மாதப் பயிருக்குப் போதுமானதாக ஆக்குவதுதான் வெள்ளக் காலத்தில் விவசாயியின் வேலை.

வெள்ளத்தின் பிறப்பிடம் வெகு தூரத்தில் இருந்தது. எத்தியோப்பிய மலைகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை, நீல நைல் வழியாகவும் அட்பாரா ஆறு வழியாகவும் கரிய வண்டலோடு இறங்கி வரும். எகிப்து விவசாயிக்கு இது தெரியாது. ஆறு முதலில் பச்சையாக மாறும், சில நாளில் செம்பழுப்பாகக் கலங்கும், அப்புறம் ஏறத் தொடங்கும். அவன் கண்டது இவ்வளவுதான். அந்தப் பருவத்துக்கு அகேத் என்று பெயர். அரசு நாட்காட்டியிலும் அகேத் உண்டு, ஆனால் அந்த நாட்காட்டி 365 நாளோடு நின்றுவிட்டது, லீப் வருடம் கிடையாது. நாலு வருடத்துக்கு ஒரு நாள் நழுவி நழுவி, சில நூற்றாண்டுகளில் ‘வெள்ள மாதம்’ வறட்சியில் வந்து நின்றது. எழுத்தர்களுக்கு வேண்டுமானால் அது தலைவலியாக இருந்திருக்கும். விவசாயி ஆற்றைப் பார்த்தான்.

இந்த முறை வேலை செய்ததற்கு நிலத்தின் சாய்வு ஒரு காரணம். ஆறு கரை புரளும்போது கனமான மணலும் வண்டலும் கரையோரத்திலேயே படிந்துவிடும். ஆயிரக்கணக்கான வருடம் இப்படிப் படிந்து, ஆற்றங்கரை மேடாகவும், பாலைவனத்தை நோக்கிப் போகப் போக வயல்கள் பள்ளமாகவும் ஆகிவிட்டன. எனவே கரையில் ஒரு மடையை வெட்டினால் போதும், தண்ணீர் தானாக வயலுக்குள் இறங்கும். ஊர்கள் இருந்ததும் அந்தக் கரை மேட்டிலும் வயல் நடுவே இருந்த திட்டுகளிலும்தான். ஆற்றங்கரையிலிருந்து பாலைவன ஓரம் வரை குறுக்கே மண் கரைகள் போட்டு, பள்ளத்தைப் பெரும் பாத்திகளாகப் பிரித்திருந்தார்கள். பாத்தி என்றால் நம் தோட்டத்துப் பாத்தி இல்லை, ஒவ்வொன்றும் ஏரி அகலம்.

தண்ணீர் உள்ளே வந்ததும் மடையை அடைப்பார்கள். எகிப்தில் இதே பாத்திப் பாசனம் 19ஆம் நூற்றாண்டிலும் நீடித்தது. அந்தக் காலத்துப் பொறியாளர்களின் கணக்குப்படி, ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் ஆழம் வரை தண்ணீர் 40 முதல் 60 நாள் நிற்க வேண்டும். அதற்கான காரணம் மண்ணில் இருக்கிறது. அறுவடைக்குப் பிறகு கோடை முழுக்க வெயிலில் காய்ந்த கரிசல் மண்ணில் ஆழமான வெடிப்புகள் விழுந்திருக்கும். தண்ணீர் அந்த வெடிப்புகள் வழியே அடி வரை இறங்கும். களிமண் ஊறி உப்பியதும் வெடிப்புகள் மூடிக்கொள்ளும், ஈரம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். போன போகத்தில் மேலே பூத்த உப்பும் கரைந்து போய்விடும். மேலே ஒரு மெல்லிய வண்டல் படலம் தங்கும். வருடத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் வருடம் தவறாது.

அந்த 40, 60 நாளும் விவசாயி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று நினைக்க வேண்டாம். பெரிய கவலை குறுக்குக் கரை. எலி வளையில் ஒரு கசிவு, இரவுக் காற்றில் அலை அடித்து அரித்த ஒரு ஓரம், இவ்வளவு போதும் கரை உடைய. மேல் பாத்தி உடைந்தால் அதன் தண்ணீர் முழுவதும் கீழ்ப் பாத்தியில் பாயும், அந்தக் கரையும் தாங்காது. கசிந்து வரும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கொஞ்சம் பொறுக்கலாம், கலங்கலாக வந்தால் கரையின் மண் உள்ளே கரைகிறது என்று பொருள். மண்கரைக்கு எந்த நாட்டிலும் இதுதான் அடையாளம்.

மாடுகள் மேட்டில் கட்டிக் கிடக்கும், அவற்றுக்குத் தீவனம் சுமந்து வர வேண்டும். நீர் ஏறும்போது பாம்பும் தேளும் மனிதர்களைப் போலவே மேட்டைத் தேடி வரும். அண்டை ஊருக்குப் போக நாணற்கட்டுப் படகுதான். வீட்டில் கயிறு திரிப்பார்கள், பாய் முடைவார்கள், மண்வெட்டியைச் சீர்செய்வார்கள். நடுவில் அரசு வேலைக்கு அழைப்பு வந்துவிடும். கால்வாய் தூர்வாரவும் கரை போடவும் ஆள் கேட்பார்கள், மறுக்க முடியாது. செத்த பிறகும் இந்த அழைப்பு வரும் என்று பயந்திருக்கிறார்கள். வசதியுள்ளவர்கள் தங்கள் கல்லறையில் ஷப்தி என்ற சிறு பொம்மைகளை வைத்துக்கொண்டார்கள். வயலைப் பண்படுத்தவும் கரையோர நிலத்துக்கு நீர் பாய்ச்சவும் இறந்தவரைக் கூப்பிட்டால், ‘இதோ நான் இருக்கிறேன்’ என்று பொம்மை பதில் சொல்ல வேண்டும் என்று அதன்மேல் எழுதியிருக்கும். கல்லறையில் பொம்மை வைக்க வழியில்லாத விவசாயி தானேதான் போயிருப்பான்.

தண்ணீரைத் திறந்துவிடும் நாள்தான் சிக்கலான நாள். ஆறு பாத்தியை விடத் தாழ்ந்தால்தான் வடிக்க முடியும். அவசரப்பட்டு வடித்தால் அடிமண் ஊறியிருக்காது, பயிர் பாதியில் வாடும். ஆறு இறங்கத் தாமதமானால் விதைப்பும் தள்ளிப்போகும். கதிர் முற்றும் நேரத்தில் வசந்தத்தின் சூடான பாலைவனக் காற்று வந்து தானியத்தைச் சுருக்கிவிடும். நடுவில் ஒருவன் தன் வயலுக்காக மடையை அடைத்துக்கொண்டால் கீழேயுள்ளவர்களின் கதி என்ன? இறந்தவர் தெய்வங்கள் முன் தான் செய்யாத பாவங்களை அடுக்கும் எகிப்தியப் பட்டியலில், தண்ணீரை அதன் பருவத்தில் தடுக்கவில்லை, ஓடும் நீருக்கு அணை போடவில்லை என்பவையும் இருக்கின்றன.

வெள்ளமே குறைந்தால்? சுமார் 4,000 வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டின் நிலைமை நமக்கு அப்படியே கிடைத்திருக்கிறது. ஹெகானக்த் என்பவர் சிறு நிலக்காரர், ஒரு கல்லறைக்குப் பூசாரியும்கூட. வெளியூரிலிருந்து வீட்டுக்கு அவர் எழுதிய பாப்பிரஸ் கடிதங்களை, லக்சருக்கு எதிர்க்கரையில் தெய்ர் எல்-பஹ்ரியில் 1921–22 வாக்கில் தோண்டி எடுத்தார்கள். சாகுபடியைப் பார்த்துக்கொள்ளும் மெரிசுவுக்கு அவர் தரும் உத்தரவுகள் கறாரானவை. வெள்ளம் ஏறிய நிலம் எதையும் விடாமல் உழு. விதைத் தானியத்தைக் காத்துக்கொள். வீட்டில் ஆளாளுக்கு இன்ன அளவு தானியம் என்று பட்டியல் போட்டு, வெள்ளம் எவ்வளவோ, பங்கும் அவ்வளவுதான் என்கிறார். குறைத்ததை ஏற்காதவர்கள் என்னிடம் வந்து நான் வாழ்கிறபடி வாழட்டும் என்றும் ஒரு வரி. அரை வாழ்வு முழுச் சாவைவிட மேல் என்கிறார். இவ்வளவு கறார் மனிதர், கடைக்குட்டி ஸ்னெஃப்ருவுக்கு மட்டும் கேட்டதைக் கொடுக்கச் சொல்கிறார்.

வெள்ளம் நன்றாக வந்த வருடத்தில் இத்தனை கணக்கு வேண்டியதில்லை. வடிந்த பாத்திகளின் குட்டைகளில் கெளுத்தியும் திலாப்பியாவும் சிக்கிக் கிடக்கும், கூடையாலேயே அள்ளலாம். கால் புதையும் சேற்றில் விதையைத் தூவி, லேசான ஏரால் கிளறுவார்கள், அல்லது ஆட்டு மந்தையை மேலே ஓட்டி மிதிக்கவிடுவார்கள். அறுவடை வரை அந்த வயலுக்கு வேறு தண்ணீர் கிடையாது.