அக்குள் கோணம்

"பெஞ்ச் பிரஸ் செய்யும்போது முழங்கைக் கோணத்தை 45 டிகிரியில் வைத்துக்கொள்ளுங்கள்." மொழிபெயர்த்த பயிற்சிக் குறிப்புகளில் இந்த வாக்கியத்தைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. சென்ற வாரம் அதன் விளைவைக் கண்ணாலேயே பார்த்தேன். பக்கத்துப் பலகையில் மல்லாந்து படுத்திருந்த இளைஞர், எடை ஏற்றாத 20 கிலோ தண்டை இறக்கும்போது மணிக்கட்டைத் தோளை நோக்கி மடக்கிக்கொண்டே போனார். தண்டு நெஞ்சுக்கு வராமல் கழுத்துப் பக்கம் சரிந்தது. ஏன் தம்பி இப்படி மடக்குகிறீர்கள் என்று கேட்டேன். "முழங்கையில் 45 டிகிரி வரவேண்டும் என்று போட்டிருந்தது அண்ணா" என்றார். அவர் படித்ததில் பிழை இல்லை. எழுதியவர் சொல்தான் பிழை.

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடலாம். முழம் என்பது முழங்கையில் தொடங்கி நடுவிரல் நுனியில் முடியும் அளவு. ஆங்கிலத்தின் 'எல்போ'வும் அதே வழியில் வந்ததுதான்: 'எல்' முன்கை அளவு, 'போ' வளைவு. இரு மொழியிலும் அந்தச் சொல் கை மடங்கும் மூட்டைத்தான் குறிக்கிறது. 'பிரஸ்' அழுத்துதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆனால் எடைப் பயிற்சியில் கை நீளும் வரை உந்துவதற்கே அந்தப் பெயர். எனவே 'இருக்கை அழுத்தம்' என்று எழுதுவோர் இயற்பியல் பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். பெஞ்ச் பிரஸ் என்றே எழுதலாம், தமிழில் வேண்டுமென்றால் மல்லாந்து உந்தல் எனலாம்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஆங்கிலப் பயிற்சியாளர்கள் 'எல்போ ஆங்கிள்' என்று பேச்சுவாக்கில் சொல்வது முழங்கை மூட்டின் மடிப்பை அல்ல. மேல்கை விலாவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதையே சொல்கிறார்கள். அந்தக் கோணத்தின் முனை அக்குளில் இருக்கிறது. அவர்கள் மொழியில் ஒரு தளர்ந்த வழக்கு என்பதற்காக, நாமும் அந்தத் தளர்ச்சியை எழுத்துக்கு எழுத்து இறக்குமதி செய்ய வேண்டுமா? 'தோள் விலகல் கோணம்' என்று உடற்கூறு நூல் பாணியில் எழுதுவோர் உண்டு. அது சரிதான், ஆனால் பலகையில் படுத்திருப்பவருக்கு உதவாது. தோள் எல்லாப் பக்கமும் சுழலும் மூட்டு, எந்த விலகல் என்று அவர் யோசிக்க வேண்டும். அக்குள் கோணம் என்றால் விளக்கமே வேண்டாம். கையை விலாவோடு ஒட்டினால் அக்குள் மூடுகிறது, அதுதான் பூஜ்யம். பக்கவாட்டில் சிலுவைபோல் நீட்டினால் 90.

இந்தக் கோணம் தெளிந்தால் தண்டின் தடம் ஏன் வளைகிறது என்பதும் தெளிந்துவிடும். (தடம் என்றுதான் எழுத வேண்டும். 'தூக்குக் கோடு' என்ற ஆக்கம் நேர்கோட்டைக் கண்முன் நிறுத்துகிறது.) மேல்கை 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்டு நெஞ்சைத் தொடும்போது மேல்கை தரைக்கு இணையாகவும், முன்கை செங்குத்தாகவும் இருக்கட்டும். அக்குள் கோணம் 90 என்றால் முழங்கை தோளுக்கு நேர் பக்கவாட்டில் நிற்கும், தண்டு தோளுக்கு நேர்மேலே இருக்கும். அங்கிருந்து செங்குத்தாக உந்தினால் போதும், தடம் நேர்கோடு. பார்க்க மிகச் சுருக்கமான வழி. ஆனால் அந்த நிலையில் பாரத்தோடு கீழிறங்கும்போது பலருக்குத் தோளின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கிவிடும்.

ஆகவே கோணத்தை 60க்குக் குறைக்கிறோம். இப்போது முழங்கை தோளிலிருந்து பக்கவாட்டில் 26 செ.மீ., கால் பக்கமாக 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. தண்டு நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியைத் தொடுகிறது. மேலே கை நீண்டு நிற்கும்போதோ, அது தோளுக்கு நேர்மேலே வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தரத்தில் தாங்கிக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும். தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லை. 15 செ.மீ. பின்னால் வந்தே தீர வேண்டும்.

எப்போது வருவது என்பதில்தான் வளைவு பிறக்கிறது. நேர்மேலே உந்திவிட்டுக் கடைசியில் தலைப்பக்கம் இழுப்பவர், அந்த 15 செ.மீ. நெம்புகோலைப் பாதி வழி வரை முன்தோளால் சுமக்கிறார். பெரும்பாலோர் சிக்கி நிற்பது அங்கேதான். நெஞ்சை விட்டுக் கிளம்பும்போதே மேலும் பின்னுமாக உந்துபவருக்கு அந்தத் தூரம் முதலிலேயே சுருங்கிவிடுகிறது, பிறகு ஏறக்குறைய நேராக ஏற்றலாம். 1980களில் ஆய்வாளர் டாம் மெக்லாக்லின் தேர்ந்த வீரர்களையும் புதியவர்களையும் ஒப்பிட்டபோது கண்ட வேறுபாடும் இதுவே. தண்டு பின்னால் வர வர முழங்கைகள் வெளியே விரியும், அக்குள் கோணம் பெரிதாகும். அது இயல்பு. 45லேயே 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதுபவர் இந்த வளைவையே தடுக்கிறார்.

நெஞ்சுக்கும் முத்தலைத் தசை எனப்படும் டிரைசெப்ஸுக்கும் வேலை எப்படிப் பங்காகிறது? 'கோணத்தைக் குறைத்தால் டிரைசெப்ஸுக்குப் போகும்' என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். பாதி உண்மை. 80 கிலோ தண்டில் ஒரு கைக்கு 40 கிலோ. அந்த 40 கிலோ தோளிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதுவே நெஞ்சின் சுமை. முழங்கையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதுவே டிரைசெப்ஸின் சுமை. 90இல் நெஞ்சுக்கு 30 செ.மீ. நெம்புகோல். 45இல் அது 21 செ.மீ. ஆகிறது. ஆனால் பிடி முழங்கைக்கு நேர்மேலேயே இருந்தால் டிரைசெப்ஸுக்கு அந்த இடத்தில் ஒன்றும் கூடவில்லை, குறைந்ததை முன்தோள் வாங்கிக்கொள்கிறது. முழங்கை அசையாமல் பிடியை மட்டும் பக்கத்துக்கு 5 செ.மீ. உள்ளே கொண்டுவந்தால் நெஞ்சுக்கு 16, டிரைசெப்ஸுக்கு 5. வேலை கைமாறுவது இப்போதுதான். கோணம் குறைவதும் பிடி குறுகுவதும் வழக்கமாகச் சேர்ந்தே வருவதால்தான் அந்த ஒருவரி உண்மைபோலத் தெரிகிறது.

சரிபார்க்க, பலகை உயரத்தில் பக்கவாட்டிலிருந்து ஒரு படம் பிடித்தால் போதும். தண்டு நெஞ்சைத் தொடும் கணத்தில் மணிக்கட்டு முழங்கைக்கு நேர்மேலே இருக்க வேண்டும். முன்கை கால் பக்கம் சாய்ந்திருந்தால் தண்டை வயிற்றுக்கு மிக அருகில் இறக்கிவிட்டீர்கள். தலைப்பக்கம் சாய்ந்திருந்தால், நான் பார்த்த இளைஞரைப் போலக் கழுத்தை நோக்கி இறக்குகிறீர்கள்.

முழங்கைக் கோணம் என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதற்கென்று சொந்த வேலை இருக்கிறது. மேலே சொன்ன குறுகிய பிடியையே எடுத்துக்கொள்ளுங்கள்: அக்குள் கோணம் 45 ஆகக் குறைகிறது, பிடி உள்ளே வந்ததால் நெஞ்சைத் தொடும்போது முழங்கைக் கோணமும் 90க்குக் கீழே போகிறது, அந்தக் கூடுதல் மடிப்பை நீட்டும் வேலை டிரைசெப்ஸுடையது. இரண்டு கோணத்துக்கும் ஒரே பெயரை வைத்திருப்பவர் இந்த வாக்கியத்தை எப்படி எழுதுவார்?