பூப்பந்து ஆடினால் எத்தனை சோறு கூடும்?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை பார்க்கும் கிராணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 42, உயரம் 168 செ.மீ., எடை 74 கிலோ. வாரத்தில் இரண்டு மாலை மண்டபத்தில் ஒரு மணி நேரம் பூப்பந்து ஆடுகிறார். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டால் அவர் எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும்?

முதல் படி, சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் ஆற்றல். 1990-இல் வெளிவந்த மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் ஆண்களுக்கு இப்படிச் சொல்கிறது:

```
10 × எடை + 6.25 × உயரம் − 5 × வயது + 5
740 + 1050 − 210 + 5 = 1585
```

பெண்களுக்குக் கடைசியில் 5-ஐக் கூட்டாமல் 161-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது கிலோ கலோரி. பேச்சில் கலோரி என்றே சொல்கிறோம்.

இந்த 1585-ஐ நடமாட்டக் காரணியால் பெருக்கினால் ஒரு நாள் செலவு கிடைக்கும். பரவலாகப் புழங்கும் அட்டவணையில் 1.2, 1.375, 1.55, 1.725, 1.9 என்று ஐந்து எண்கள் உண்டு. ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். ‘நான்தான் பந்து ஆடுகிறேனே’ என்று கிராணி 1.55-ஐ எடுத்தால் விடை 2457. அந்த எண் அவருக்குப் பொருந்துமா என்பதை மணிக்கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒவ்வொரு வேலைக்கும், படுத்திருப்பதைப் போல எத்தனை மடங்கு ஆற்றல் ஆகிறது என்பதற்கு எண் உண்டு. தூக்கம் 1, மேசை வேலை 1.5, சாப்பிடுவதும் தொலைக்காட்சி பார்ப்பதும் சுமார் 1.4, நடை 3.2. அவர் 8 மணி தூங்குகிறார், 8 மணி மேசையில் இருக்கிறார், 1 மணி நடக்கிறார், மீதி 7 மணி வீட்டில் கழிகிறது. 8 + 12 + 3.2 + 9.8 சேர்ந்தால் 33. அதை 24-ஆல் வகுத்தால் 1.375.

பூப்பந்து இன்னும் இதில் சேரவில்லை. ஆட்டத்துக்கு 5.5 என்று வைத்தாலும், அந்த நேரம் வீட்டில் இருந்தால் ஆகும் 1.4-ஐக் கழிக்க 4.1 மிஞ்சும். வாரத்துக்கு 2 மணி, ஆக 8.2. வாரத்தின் 168 மணியில் அதைப் பரப்பினால் 0.05 தேறாது. ஆக அவருடைய காரணி 1.42, ஒரு நாள் செலவு ஏறத்தாழ 2250. வியர்வை கொட்ட ஆடிய பந்து நாளொன்றுக்குச் சுமார் 77 கலோரியைத்தான் கூட்டியது. ஒரு ரொட்டி சானாயில் கால் பங்கு என்று சொல்லலாம்.

அதே உடல்வாகுள்ள ஒருவர் அதே தோட்டத்தில் குலை வெட்டுகிறார் என்றால் கதையே வேறு. 6 மணி வெட்டு வேலைக்கு 4.5 என்றும், 8 மணி தூக்கத்துக்கு 1 என்றும், மீதி 10 மணிக்கு 1.4 என்றும் கொண்டால் காரணி 2.04. வேலை நாளில் 3200-க்கு மேல் வேண்டும். காரணியை உயர்த்துவது மாலை ஆட்டத்தைவிடப் பகல் முழுதும் உடல் செய்யும் வேலைதான்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. உடற்பயிற்சியைச் சேர்த்துக் காரணி எடுத்த பிறகு, கைக்கடிகாரம் காட்டும் ‘எரித்த கலோரி’யையும் அதன்மேல் கூட்டிச் சாப்பிடுகிறார்கள். ஒரே செலவு இரண்டு முறை கணக்கில் ஏறிவிடுகிறது.

சூத்திரம் வெறும் மதிப்பீடுதான். தராசுதான் நடுவர். நாலு வாரம் காலையில் கழிப்பறை போய் வந்ததும் எடை பார்த்து, வாரச் சராசரிகளை மட்டும் ஒப்பிட வேண்டும். ஒரு நாள் ஏற்றம் பெரும்பாலும் உப்பும் தண்ணீரும்தான். 2457 சாப்பிட்டு 28 நாளில் சராசரி 0.7 கிலோ ஏறியிருந்தால், கிலோவுக்கு 7700 என்ற கணக்கில் நாளொன்றுக்கு 190-க்குக் கொஞ்சம் மேல் மிச்சம். கழித்தால் 2260 அருகே வருகிறது. மணிக்கணக்கு சொன்னதும் அதுதான்.

இனி 2250-ஐக் கிராமாகப் பிரிக்கலாம். முதலில் புரதம், எடையை வைத்து: கிலோவுக்கு 1.4 என்றால் 104 கிராம், அதாவது 416 கலோரி. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே வைக்க வேண்டும்.) அடுத்து கொழுப்பு, மொத்தத்தில் 28 விழுக்காடு: 630 கலோரி. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி என்பதால் 70 கிராம். மீதி 1204 மாவுச்சத்துக்கு. கிராமுக்கு 4 என்று வகுத்தால் 301 கிராம். கொழுப்பையும் பழக்கத்தில் 4-ஆல் வகுத்துவிட்டால் 157 கிராம் என்று வரும், அதில் 1400 கலோரிக்கு மேல் ஒளிந்திருக்கும்.

301 கிராம் மாவுச்சத்து என்பது 301 கிராம் சோறு ஆகாது. வெந்த சோறு 100 கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம்தான்; அரிசியாக நிறுத்தால் அதே 100 கிராமில் 80 அளவுக்கு இருக்கும். எதை நிறுத்தோம் என்று குறிக்காவிட்டால் கணக்கு மூன்று மடங்கு பிசகும். தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பாலின் சர்க்கரையும் இந்த 301-க்குள்தான் அடங்க வேண்டும்.