டை அடித்த தலையில் காணாமல் போன 20 நிமிடம்

திருச்சியில் மூன்று நாற்காலி போட்டு சலூன் நடத்தும் நண்பர் ஒருவர் போன வருடம் ஒரு புகாரோடு வந்தார். முடிக்கு டை அடித்துக்கொண்டு போகிறவர்களில் சிலர் இரண்டு நாளில் திரும்பி வந்து, "காதோரம் வெள்ளை அப்படியே நிக்குதே" என்கிறார்களாம். ஒரே மாதத்தில் 6 பேர். அவருடைய முடிவு தயாராக இருந்தது: டை கம்பெனியை மாற்றிவிடுவது. கம்பெனியை மாற்றும் முன் ஒரு படம் போட்டுப் பார்க்கலாம் என்றேன்.

நான் சொன்னது சேவை வரைபடம். லின் ஷோஸ்டாக் என்ற அமெரிக்க வங்கி அதிகாரி 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. கட்டடத்துக்குப் பிளான் போடுகிறோம், இயந்திரத்துக்கு வரைபடம் உண்டு. கைக்குச் சிக்காத ஒரு சேவைக்கு மட்டும் ஏன் எதுவும் இல்லை என்பது அவர் கேள்வி. 1984இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம், தெருமுனையில் ஷூவுக்குப் பாலிஷ் போடும் தொழில். தூசு தட்டுவது, பாலிஷ் பூசுவது, தேய்ப்பது, காசு வாங்குவது என்று மொத்தம் 2 நிமிட வேலை. அதில் எந்த இடத்தில் தவறலாம் என்று வட்டம் போட்டுக் காட்டினார்: தப்பான நிறத்துப் பாலிஷை எடுத்துவிடுவது. அந்தப் பாலிஷ் டப்பாவை எங்கே, எப்படி வாங்குகிறார் என்பதை ஒரு கோட்டுக்குக் கீழே வரைந்தார். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவது கோட்டுக்கு மேலே, தெரியாதது கீழே.

கூத்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். திரைக்கு முன்னால் ஆட்டம், பின்னால் அரிதாரப் பூச்சு. வரைபடத்தில் இன்னும் கீழே ஒரு கோடு வரும். அதற்கும் கீழே இருப்பவை, வாடிக்கையாளரை நேரில் பார்க்காமலே சேவையைத் தாங்குகிற வேலைகள்: சாமான் வாங்குவது, டவல் வெளுப்பது, நேரம் கொடுக்கும் நோட்டு. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றாவதாக ஒரு கோட்டுக்கு அந்தப்பக்கம், வந்தவர் என்ன செய்கிறார் என்ற வரிசை இடமிருந்து வலமாக ஓடும்.

சலூனில் இந்தத் திரை எங்கே விழுகிறது என்பது சுவாரசியமான கேள்வி. ஹோட்டலில் சமையலறைக்குக் கதவு இருக்கிறது. சலூனிலோ வந்தவர் ஒரு மணி நேரம் கண்ணாடி முன்னால் அசையாமல் உட்கார்ந்து நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். திரை அங்கே நகரவும் செய்யும். ஷேவிங் கத்திக்குப் புது பிளேடு மாட்டுவது ஒரு காலத்தில் யாரும் கவனிக்காத வேலை. இன்று பல கடைகளில் வாடிக்கையாளர் பார்க்க, உறையைக் கிழித்து, பிளேடைப் பாதியாக உடைத்து மாட்டுகிறார்கள். ரத்தத்தின் வழியே நோய் பரவும் என்ற பயம் அந்த ஒரு வேலையைத் திரைக்கு முன்னால் இழுத்துவந்துவிட்டது. பிளேடு மாற்ற மறந்தால் இப்போது நாற்காலியில் இருப்பவரே கேட்டுவிடுவார்.

டை அடிப்பது நேர் எதிர். பூசுவது தெரியும், கழுவுவது தெரியும். நடுவில் முடிக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. புகாரைப் புரிந்துகொள்ள அதை முதலில் சொல்லியாக வேண்டும்.

நிரந்தர டை இரண்டு பொருளாக வரும். ஒன்று நிறக் கிரீம், மற்றொன்று கடைக்காரர்கள் டெவலப்பர் என்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு. வெள்ளை மறைக்கப் பொதுவாக 6 சதவீதம். கிரீமில் இருக்கும் அம்மோனியா போன்ற காரம் முடியின் மேல் செதில்களை உப்பி விரியச் செய்கிறது. நிறமே இல்லாத சின்னச் சின்ன மூலக்கூறுகள் அந்த இடைவெளியில் உள்ளே போகின்றன. பெராக்சைடு அவற்றை ஆக்ஸிஜனேற்றம் செய்ய, அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி நிறம் பெறுகின்றன. சிறிதாகப் போனவை பெரிதானபின் வெளியே வர முடிவதில்லை. டை நிற்பதற்கு இதுதான் காரணம். ஆனால் இதற்கு நேரம் வேண்டும். நண்பர் வைத்திருந்த டப்பாவில், பூசி முடித்தபின் 35 நிமிடம் என்று போட்டிருந்தது. பாதியில் கழுவினால், இன்னும் ஒன்று சேராத சின்ன மூலக்கூறுகள் ஷாம்புவோடு போய்விடும். காதோர வெள்ளை முடி பலருக்கு டையை லேசில் பிடிக்காது. குறை முதலில் பல்லிளிப்பது அங்கேதான்.

ஞாயிறு காலை கடை திறக்கும் முன் உட்கார்ந்தோம். பெரிய சார்ட் தாள், மூன்று கோடு. நண்பர் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார்: வந்தவரை உட்கார வைப்போம், முன்னாடி மருதாணி போட்டாரா என்று கேட்போம், அளந்து கலப்போம், பூசுவோம், 35 நிமிடம் விடுவோம், கழுவுவோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஓரமாகக் கூட்டிக்கொண்டிருந்த உதவியாளர் பையன் சிரித்தான்.

"என்னடா?"

"முப்பத்தஞ்சு நிமிஷம் வார நாள்ல சரிண்ணே. சனிக்கிழமை யாரு விடுறா?"

முதலாளி வாயால் வரையும் படம், கடை எப்படி ஓட வேண்டும் என்று அவர் நினைக்கிறாரோ அந்தப் படம்தான். நடப்பது தெரிய வேண்டுமென்றால் கையால் செய்கிறவனை உட்கார வைக்க வேண்டும். தாளைத் திருப்பிப் போட்டு, முந்தைய நாள் சனிக்கிழமை மாலை நடந்ததை அவன் சொல்லச் சொல்ல எழுதினோம்.

முதல் வாடிக்கையாளர் 5 மணிக்கு டை அடிக்க உட்கார்ந்தார். பூசி முடித்தது 5:25. அப்படியானால் 6 மணிக்குத்தான் கழுவ வேண்டும். இரண்டாமவர் 5:15க்கு அடுத்த நாற்காலியில். அவருக்குப் பூசி முடித்தது 5:40, கழுவ வேண்டியது 6:15. மூன்றாமவருக்கு வெறும் கட்டிங், ஆனால் தலையை அலசிவிட்டு வெட்ட வேண்டும். அவருக்குச் சொன்ன நேரம் 5:55. கடையில் தலை கழுவும் பேசின் ஒன்றே ஒன்று. ஒருவரைக் கழுவ 15 நிமிடம்.

பையன் மனக்கணக்குப் போட்டிருக்கிறான். முதலாமவரை 6 மணிவரை விட்டால், 5:55க்கு வருகிறவர் காத்திருக்க வேண்டும். அவர் முடியும்போது இரண்டாமவரின் நேரம் வந்துவிடும். அதனால் 5:40க்கே முதலாமவரை எழுப்பிக் கழுவிவிட்டான். 5:55க்கு மூன்றாமவர், 6:15க்கு இரண்டாமவர். வரிசை தண்ணீர் போல ஓடியது, யாரும் முகம் சுளிக்கவில்லை. அவன் பார்வையில் அது கெட்டிக்காரத்தனம், உண்மையும் அதுதான். என்ன, முதலாமவர் தலையில் டை 35 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடம்தான் இருந்தது.

அவர் ஏன் அங்கேயே கேட்கவில்லை? ஈர முடி கருப்பாகத்தான் தெரியும். பாதி காய்ந்த தலையோடு, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்துக் காசு கொடுத்துப் போய்விட்டார். மறுநாள் வெயிலில் அவர் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள்.

இப்போது தாளில் சிவப்பு வட்டம் எங்கே போடுவது? புகார் எழும் இடம் கண்ணாடி. தவறு நடந்த இடம் பேசின். பையனைத் திட்டினால் விஷயம் அதோடு முடிந்தது போலிருக்கும். ஆனால் அம்புக்குறியைக் கீழே கீழே பிடித்துக்கொண்டு போனால், கடைசிக் கோட்டுக்கும் கீழே, கல்லாவில் கிடக்கும் நோட்டில் போய் முட்டுகிறது. அந்த நோட்டில் மூன்று நாற்காலிக்கு மூன்று பத்தி. நாற்காலி காலியா என்று பார்த்துத்தான் நேரம் கொடுக்கிறார்கள். பேசினுக்குப் பத்தியே கிடையாது. இந்தக் கடையின் உண்மையான நெருக்கடி ஒற்றைப் பேசின். நோட்டுக்கு அது தெரியாது. ஃபோனில் "அஞ்சே முக்காலுக்கு மேல வாங்க சார்" என்று சொன்ன நொடியிலேயே ஒருவருடைய 20 நிமிடம் போய்விட்டது. 6 புகாரையும் நோட்டோடு ஒத்துப் பார்த்தோம். 5 பேர் சனி, ஞாயிறு மாலை வந்தவர்கள். டைதான் கோளாறு என்றால் செவ்வாய்க்கிழமை வந்தவர்களுக்கும் வெளுத்திருக்க வேண்டுமே.

மாற்றியது இரண்டே இரண்டு. நோட்டில் நான்காவதாகப் பேசினுக்கு ஒரு பத்தி. டைக்கு நேரம் கேட்டால், நாற்காலியோடு, பூசும் நேரமும் 35 நிமிடமும் கூட்டிப் பேசினையும் எழுதிவிட வேண்டும். அடுத்தது, சமையலறையில் வைக்கும் சின்ன டைமர் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒன்று. பூசத் தொடங்கும்போது அல்ல, பூசி முடித்ததும் திருகி, கண்ணாடிக்குக் கீழே வாடிக்கையாளர் பார்க்க வைப்பது. பிளேடுக்கு நடந்ததேதான் இங்கேயும்: மறைவில் இருந்த நேரம் திரைக்கு முன்னால் வந்துவிட்டது. டைமர் 20 காட்டும்போது எழுப்பினால், "இன்னும் இருக்கே தம்பி" என்று அவரே சொல்வார். டை கம்பெனி மாறவில்லை.

படத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எங்கே தவறலாம் என்று அது காட்டும், எத்தனை முறை தவறுகிறது என்று காட்டாது. நோட்டில் தேதி இல்லாமல் போயிருந்தால் நாங்கள் வெறும் ஊகத்தோடு எழுந்திருப்போம்.

அதே தாளில் இன்னொரு வட்டமும் விழுந்தது, அதை நாங்கள் தீர்க்கவில்லை. பல நிரந்தர டைகளில் பிபிடி என்கிற பொருள் உண்டு. சிலருக்கு அது கடும் ஒவ்வாமை தரும். தலை அரித்து, கண்ணிமை வீங்கி ஆஸ்பத்திரி வரை போகலாம். இதுவரை டை அடித்து ஒன்றும் ஆகாதவருக்குக் கூட அடுத்த முறை வரலாம். அதனால்தான் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கச் சொல்கிறார்கள். எங்கள் தாளில் முதல் கட்டம், "வாடிக்கையாளர் உள்ளே வருகிறார்". 48 மணி நேரம் அதற்கு இடப்பக்கம், தாளுக்கு வெளியே இருந்தது. ஒரு துண்டுத் தாளை ஒட்டி, சோதனைக்கு ஒரு கட்டம் வரைந்தேன்.

வேர்ப்பகுதி வெளுத்து மாதாமாதம் வருகிறவர்களை இரண்டு நாள் முன்னால் ஐந்து நிமிடம் வரச் சொல்லலாம் என்றார் நண்பர். மாலை கல்யாண ரிசப்ஷன் என்று மதியம் ஓடி வருகிறவரிடம் என்ன சொல்வது? "இன்னைக்கு டை கிடையாதுன்னு சொன்னா அடுத்த தெருவுக்குப் போயிடுவாரு" என்றார். அதுவும் நியாயம்தான். ஒட்டிய துண்டு இன்னும் கல்லாவுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. அதில் உள்ள கட்டத்துக்கு அம்புக்குறி போடவில்லை.