பதினெட்டு நிறைந்தால் அம்மா கையெழுத்து செல்லாது: மைனர் கணக்கு மேஜராகும்போது என்னென்ன மாறும்?

கல்லூரி முதலாமாண்டில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு அப்போது 17 வயது நடந்துகொண்டிருக்கும். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வரவேண்டும் என்பதால், பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். அம்மாவையோ அப்பாவையோ காப்பாளராகப் போட்டுக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள், பணமும் வரத் தொடங்குகிறது. சில மாதம் கழித்து ஒருநாள் ஏ.டி.எம். கார்டு வேலை செய்யாது. கவுண்டரில் அம்மா கையெழுத்துப் போட்டு நீட்டிய சீட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். "பொண்ணு மேஜர் ஆயிட்டா, அவங்களே வரணும்" என்பார்கள்.

வங்கி வேண்டுமென்று அலைய விடுவதில்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவருவோர் சட்டப்படி, பதினெட்டாவது பிறந்தநாள் விடிந்ததுமே ஒருவர் மேஜர். அந்த நிமிடத்தோடு காப்பாளரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. மைனர் கணக்கைப் பலர் கூட்டுக் கணக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது அப்படியல்ல. கணக்கும் பணமும் பிள்ளையுடையவை. ஒப்பந்தம் செய்யும் வயது வராததால் பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். "நான் போட்ட பணம், நான் எடுக்கக் கூடாதா?" என்று அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வங்கியின் பதிவேட்டில் அந்த நியாயத்துக்கு இடமில்லை.

மைனர் கணக்குகளுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் ஒழுங்குபடுத்தி வெளியிட்டது. எந்த வயதுக் குழந்தைக்கும் காப்பாளர் மூலம் சேமிப்புக் கணக்கோ வைப்புத்தொகையோ தொடங்கலாம். அப்பா உயிரோடு இருந்தாலும் அம்மா காப்பாளராக இருக்கலாம். 10 வயது நிறைந்த பிள்ளை, விரும்பினால் தானே கணக்குத் தொடங்கித் தானே இயக்கலாம். எவ்வளவு தொகை வரை, என்னென்ன வசதியோடு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். எந்த மைனர் கணக்கிலும் இருப்புக்கு மேல் பணம் எடுக்க விடக் கூடாது. 18 நிறைந்ததும் பிள்ளையிடமிருந்து புதிய மாதிரிக் கையெழுத்தும், கணக்கை யார் எப்படி இயக்குவது என்ற புதிய அறிவுறுத்தலும் வாங்க வேண்டும். அதுவரை காப்பாளர் இயக்கிய கணக்காக இருந்தால், கையிருப்பு இவ்வளவு என்று பிள்ளை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அம்மா எடுத்தது, போட்டது எல்லாவற்றுக்குமான வரவுசெலவு அந்த இடத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிவிப்பது வங்கியின் பொறுப்பு என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் கணக்குத் தொடங்கியபோது கொடுத்த செல்போன் எண் இன்று யாரிடமும் இல்லையென்றால் அந்தச் செய்தி எங்கே போய்ச் சேரும்?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நிவேதா பிறந்தது 2008 ஆகஸ்ட் 14. 2026 ஜூலையில் கல்லூரியில் சேர்கிறாள். அவள் பெயரில் அம்மாவைக் காப்பாளராகப் போட்ட சேமிப்புக் கணக்கு ஒன்று, ஒன்றரை லட்சம் ரூபாய் வைப்புத்தொகை ஒன்று, 2016 பிப்ரவரி 10 அன்று அஞ்சலகத்தில் தொடங்கிய செல்வமகள் சேமிப்புக் கணக்கு ஒன்று, ஆக மூன்று இருக்கின்றன.

சேமிப்புக் கணக்கில் 2026 ஆகஸ்ட் 13 வரை அம்மா கையெழுத்து செல்லும். 14ஆம் தேதியிலிருந்து நிவேதாதான் போட வேண்டும். பொதுவாகக் கணக்கு எண் மாறாது, உள்ளே வரவேண்டிய பணமும் வந்துகொண்டிருக்கும். வெளியே எடுப்பதுதான் நின்றுபோகும். பாஸ்புக்கில் வரவு பதிவாகிக்கொண்டே இருக்க, கார்டும் யு.பி.ஐ.யும் மட்டும் மறுத்தால், காரணம் பெரும்பாலும் இதுதான். அவள் ஆதார், பான், புகைப்படத்தோடு கிளைக்குப் போய், மைனர் கணக்கை மேஜர் கணக்காக மாற்றக் கேட்டால் படிவம் தருவார்கள். ஆதார் மூலம் கே.ஒய்.சி. செய்யும்போது கைரேகை ஒத்துவராமல் போகும் இடம் ஒன்று உண்டு. 15 வயதில் செய்யவேண்டிய கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பை விட்டுவிட்டவர்களுக்கு இது நடக்கும். அதை முதலில் ஆதார் மையத்தில் முடித்துவிட்டு வங்கிக்குப் போவது நல்லது. மைனராக இருக்கும்போது வாங்கிய பான் அட்டையில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது. எண் அதேதான், ஆனால் இரண்டையும் சேர்த்துப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

மாதிரிக் கையெழுத்துக் கட்டத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பள்ளிச் சான்றிதழில் தமிழில் ஒன்று, பான் அட்டையில் ஆங்கிலத்தில் ஒன்று, வங்கியில் அவசரத்தில் கிறுக்கியது ஒன்று என்று மூன்று கையெழுத்தோடு வாழ்க்கையைத் தொடங்குகிற பிள்ளைகள் ஏராளம். நாளைக்குக் கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். எந்தக் கையெழுத்து என்று வீட்டிலேயே முடிவுசெய்து, பான் அட்டைக்கும் வங்கிக்கும் அதையே போடச் சொல்லுங்கள்.

வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் எந்தக் கிளைக்குப் போகலாம் என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்கு முன்பே மாற்ற முடியாது. ஆனால் படிவத்தை வாங்கி நிரப்பிவைத்துக்கொள்ளலாம், வருகிற முதல் விடுமுறையில் கொடுத்துவிடலாம். இந்த அலைச்சலுக்குப் பயந்து சிலர் பழைய கணக்கை அப்படியே விட்டுவிட்டு, கல்லூரிக்குப் பக்கத்து வங்கியில் புதிதாக ஒன்று தொடங்குகிறார்கள். அங்கே ஆதாரை இணைத்ததும், ஆதார் வழியாக வரும் அரசுப் பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத் திரும்பிவிடும். அம்மா பழைய பாஸ்புக்கைப் பதிந்து பார்த்துவிட்டு, உதவித்தொகையே நின்றுவிட்டது என்று கல்லூரி அலுவலகத்தில் நிற்பார். எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதை myaadhaar.uidai.gov.in தளத்தில் `Bank Seeding Status` என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது வைப்புத்தொகை. நிவேதாவின் வைப்பு 2026 நவம்பரில் முதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் 14க்குப் பிறகு அதை முன்கூட்டியே உடைக்க வேண்டுமானாலும், முதிர்ந்ததும் எடுக்க வேண்டுமானாலும் அவள் கையெழுத்துதான். வட்டிக்கான வருமான வரியிலும் அதே தேதி கோடு போடுகிறது. பிள்ளை மைனராக இருக்கும்வரை அந்த வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். மேஜரான நாளிலிருந்து அது பிள்ளையின் சொந்த வருமானம். ஆகவே அவளுடைய பான் எண்ணை வைப்புத்தொகையோடு சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவள் வட்டி அம்மாவின் வரிக் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

மூன்றிலும் அதிகம் குழம்புவது செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில்தான். "21 வயசுல பணம் வரும்" என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். வயது 21 அல்ல, கணக்குத் தொடங்கி 21 வருடம். நிவேதாவின் கணக்கு முதிர்வது 2037 பிப்ரவரியில், அப்போது அவளுக்கு 28 வயது. 2031 பிப்ரவரி வரை, அதாவது 15 வருடம்தான் பணம் கட்ட வேண்டும், பிறகு கட்டாமலே வட்டி சேரும். 18 நிறைந்ததும் இந்தக் கணக்கையும் ஆவணங்கள் கொடுத்து அவளே எடுத்து நடத்த வேண்டும். முன்பு 10 வயதிலேயே பிள்ளை இயக்கலாம் என்று இருந்த விதி, 2019ஆம் ஆண்டுத் திட்ட விதிகளில் 18 ஆக மாறியது. பழைய விதியை நம்பிப் பேசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நடுவில் பணம் வேண்டுமென்றால் படிப்புக்கு எடுக்கலாம். 18 வயது அல்லது பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, எது முன்னால் வருகிறதோ அதிலிருந்து இந்த உரிமை உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டின் முடிவில் இருந்த தொகையில் பாதிதான் உச்சவரம்பு. நிவேதாவின் கணக்கில் 2026 மார்ச் 31 அன்று 2,40,000 ரூபாய் இருந்தது என்றால், 1,20,000 வரை. ஆனால் கல்லூரி கொடுத்த கட்டணச் சீட்டில் 55,000 என்றுதான் இருந்தால், 55,000தான் கிடைக்கும். பாதி இருக்கிறது, எடுத்துக்கொள்வோம் என்று போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து திரும்புகிறார்கள். ஜூலையில் சேர்க்கை நேரத்தில் விண்ணப்பித்தால் காப்பாளர் கையெழுத்து, ஆகஸ்ட் 14க்குப் பிறகென்றால் நிவேதாவே. ஒரே தடவையிலும் எடுக்கலாம், வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடம் வரை தவணையாகவும் எடுக்கலாம்.

திருமணத்துக்காகக் கணக்கை முன்கூட்டியே முடிக்கவும் வழி உண்டு. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பிலிருந்து, கல்யாணமாகி மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மணநாளில் அவளுக்கு 18 நிறைந்திருக்கும் என்பதற்கு வயதுச் சான்றோடு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். மண்டபம், நகை, பத்திரிகை என்ற பரபரப்பில் அந்த மூன்று மாதம் ஓடிவிடுவது சகஜம்.

வீட்டில் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்ட ரசீது இருந்தால், அதையும் இப்போதே தேடி எடுங்கள். அரசு போட்ட அந்த வைப்புத்தொகை, பெண் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருந்தால், 18 வயது நிறைந்ததும் வட்டியோடு கிடைக்கும். தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தின் பெயரில் இருக்கும் அசல் ரசீது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பெண்ணின் வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றோடு சமூக நலத் துறை அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பாஸ்புக்கில் இன்னும் அம்மா காப்பாளர் என்று அச்சாகியிருந்தால் அங்கேயும் கேள்வி வரலாம். ஆகவே முதலில் வங்கி, பிறகு சமூக நலத் துறை என்ற வரிசையில் போனால் ஒரு நடை மிச்சம்.

மேஜரான பிறகும் அம்மாவே பணம் எடுத்துக் கொடுக்கட்டும் என்று பிள்ளை விரும்பினால், அம்மாவைக் கூட்டுக் கணக்குதாரராகச் சேர்க்கலாம், அல்லது அவர் இயக்கலாம் என்று வங்கிக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். இரண்டுக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர் பிள்ளைதான். வாரிசு நியமனத்தையும் அதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்: மைனராக இருந்தபோது காப்பாளர் எழுதிக்கொடுத்த பெயரை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்பது இனி அவள் முடிவு.